ஈயச் சேமக்கலமும் பாய்கெர்ட்டின் விதியும்

சேமக்கலம் என்று நூல்களிலும், பாட்டரி என்று கடைவீதியிலும் வழங்கப்படும் பொருளை விலை கொடுத்து வாங்குகிறவர்கள், அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 150 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், அது 150 ஆம்பியர்-மணி கொடுக்கும் என்று கொள்ளுகிறார்கள். அந்த எண்ணுக்கு அருகிலேயே சிறிய எழுத்தில் C20 என்று மற்றொரு குறியும் இருக்கும். அதன் பொருளைக் கேட்பார் இல்லை. கேட்டாலும் சொல்லத் தெரிந்த கடைக்காரர் அரியர். உண்மையில், பெரிய எழுத்தில் அளித்த வாக்குறுதிக்கு உரிய நிபந்தனை அந்தச் சிறிய குறியில்தான் அடங்கியிருக்கிறது. இருபது மணி நேரத்தில் காலியாகும்படி மெல்ல மெல்ல எடுத்தால் மட்டுமே 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். விரைந்து எடுத்தால் குறைந்துதான் கிடைக்கும். எவ்வளவு குறையும், ஏன் குறையும் என்ற கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. அதையே இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஈயச் சேமக்கலத்தை 1859-ஆம் ஆண்டில் ஆக்கியவர் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். இரண்டு ஈயத் தகடுகளை, இடையே ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, நீர் கலந்த கந்தகாமிலத்தில் அமிழ்த்தினார். அதனுள் மின்சாரத்தைச் செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது. வேண்டும்போது திருப்பிக் கொடுத்தது. ஆனால் அந்தத் தகடுகளைப் பக்குவப்படுத்துவதற்கு மாதக்கணக்கில் மின்னேற்றியும் இறக்கியும் பாடுபட வேண்டியிருந்தது. 1881-இல் காமில் ஃபோர் என்பவர் ஈய ஆக்ஸைடைப் பசைபோலக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையைக் கண்டார். பழைய தொல்லை தீர்ந்தது. அதே ஆண்டில் ஃபோரின் கலங்கள் கொண்ட ஒரு பெட்டி பாரிஸிலிருந்து கிளாஸ்கோவில் இருந்த சர் வில்லியம் தாம்ஸனுக்கு அனுப்பப்பட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்த அதே தாம்ஸன்தான். பத்து லட்சம் அடி-பவுண்டு ஆற்றல் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு, கடல் கடந்து வந்து சேர்ந்தது என்ற செய்தி அந்நாளில் பெரும் வியப்பாயிற்று. இன்று நம் வீட்டு மூலையில் இருக்கும் 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்றில் ஏறக்குறைய அதைப் போல ஐந்து மடங்கு அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டால், அந்த வியப்பு நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஐரோப்பிய நகரங்களில் நேர்மின்னோட்ட நிலையங்கள் பெருகின. மாலையில் டைனமோ ஓடி விளக்கெரிக்கும். நள்ளிரவுக்குப் பின் எந்திரத்தை நிறுத்திவிட்டுச் சேமக்கலங்களைக் கொண்டு மிச்ச விளக்குகளை எரிப்பார்கள். இங்கே பணம் புகுந்தது. இத்தனை கலங்கள் இருந்தால் இத்தனை விளக்கு இத்தனை மணி எரியும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொறியாளருக்கு ஏற்பட்டது. வெறும் பெருக்கல் வகுத்தலை நம்பியவர்களைக் கலங்கள் கைவிட்டன. மின்னோட்டத்தை இரட்டித்தால் நேரம் பாதியாக வேண்டும் அல்லவா? பாதிக்கும் கீழே போயிற்று.

எவ்வளவு கீழே என்பதை ஒரு விதியாக வகுத்தவர் வில்ஹெல்ம் பாய்கெர்ட் என்னும் ஜெர்மானியர். 1897-இல், ஜெர்மானிய மின்தொழில் பத்திரிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பலவகை ஈயக் கலங்களை வெவ்வேறு மின்னோட்டங்களில் வெறுமையாக்கிக் கிடைத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றினூடே ஓர் ஒழுங்கு ஓடுவதைக் கண்டார். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் எண் மாறிக்கொண்டே வருகிறது. ஆனால் மின்னோட்டத்தை ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அதன்பின் நேரத்தால் பெருக்கினால், எண் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. எழுத்தில் வடித்தால் அது இவ்வளவே:

Iⁿ × t = மாறிலி

I என்பது மின்னோட்டம். t என்பது நேரம். n என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும் ஓர் எண். n சரியாக 1 என்றிருந்தால் நம்முடைய பெருக்கல் வகுத்தலே போதும். அமிலம் ததும்பும் சாதாரண ஈயக் கலங்களில் அது சுமார் 1.2 அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். அமிலத்தைக் கண்ணாடியிழையில் உறிஞ்ச வைத்து மூடிய கலங்களில் 1-ஐ இன்னும் நெருங்கியிருக்கும். கலம் முதுமையடைய அடைய n ஏறும்.

அடுக்கு என்றதும் நேயர்கள் அஞ்ச வேண்டியதில்லை. n 1.2 ஆக இருக்கும் ஒரு 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும். சீட்டில் அச்சிட்ட வாக்குறுதி அதுதான். மின்னோட்டத்தை 15 ஆம்பியராக இரட்டித்தால் 10 மணி நேரம் வரவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கும். வருவது 8 மணி 42 நிமிடம். மறுபடி இரட்டித்து 30 ஆம்பியர் எடுத்தால், எதிர்பார்ப்பது 5 மணி. வருவது 3 மணி 47 நிமிடம். 60 ஆம்பியரில் எதிர்பார்ப்பது இரண்டரை மணி. வருவது 1 மணி 39 நிமிடம்தான். ஆம்பியர்-மணிக் கணக்கில் பார்த்தால் 150 என்பது 131 ஆகி, 114 ஆகி, 99 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறை மின்னோட்டத்தை இரட்டிக்கும்போதும் கிடைக்கும் மொத்தம் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு தேய்கிறது. பாய்கெர்ட்டின் விதியை இந்த ஒரு வாக்கியமாக நினைவில் வைத்துக்கொண்டாலே வீட்டுக் கணக்குக்குப் போதும்.

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டை ஒட்டிப் பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, இன்வெர்ட்டரும் பாட்டரியும் நடுத்தரக் குடும்பங்களில் புகுந்தன. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரும் அந்நாளில் ஒரு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி வாங்கினார். மூன்று மின்விசிறிகளும் சில குழல் விளக்குகளுமாக அவர் வீட்டுச் சுமை 300 வாட். பன்னிரண்டை நூற்றைம்பதால் பெருக்கினால் 1800. அதை முந்நூறால் வகுத்தால் 6. ஆறு மணி நேரம் வரவேண்டியது நாலு மணிக்குள்ளாகவே அணைந்து போகவே, மனிதர் கொதித்துப் போனார். ‘கணக்கு தப்பாது ஸார், கடைக்காரன்தான் தப்பியிருக்கிறான்’ என்று என்னிடம் வந்து முறையிட்டார். பாட்டரியைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அவருடைய வகுத்தலில் இரண்டு இடங்களில் ஓட்டை இருந்தது. முதலாவது, இன்வெர்ட்டர் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளாமல் வேலை செய்வதில்லை. வீட்டுக்கு 300 வாட் கொடுக்க வேண்டுமானால் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 360 வாட் வாங்கும். அதாவது 12 வோல்ட்டில் 30 ஆம்பியர். இந்த ஒன்றினாலேயே ஆறு மணி ஐந்து மணியாகிவிட்டது. இரண்டாவது ஓட்டை பாய்கெர்ட் காட்டியது. 30 ஆம்பியரில் அந்தப் பாட்டரி 5 மணி கொடுக்காது. 3 மணி 47 நிமிடமே கொடுக்கும். ஆசிரியர் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்த நேரமும் அதற்கு மிக அணித்தாகவே இருந்தது. அந்தப் பாட்டரியிடம் குற்றம் எதுவும் இல்லை.

ஆயினும் ஆசிரியர் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை மிகவும் மகிழ்வித்தது. ‘சரி, மிச்சம் 36 ஆம்பியர்-மணி எங்கே போயிற்று?’ என்றார். கற்றவர் பலரும் இதற்கு ‘சூடாகி வீணாய்ப் போயிற்று’ என்று விடை சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. விடை காண்பதற்குக் கலத்தின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

ஈயக் கலத்தில் ஒரு தகட்டில் இருப்பது பஞ்சு போன்ற ஈயம். எதிர்த் தகட்டில் இருப்பது ஈய டை ஆக்ஸைடு. இடையே கந்தகாமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளும் அமிலத்தை விழுங்கி ஈய சல்பேட்டாக மாறுகின்றன, நீர் உண்டாகிறது. ஆகவே அமிலம் இங்கே மின்சாரம் கடந்து செல்லும் வழி மட்டும் அன்று. தகடுகளைப் போலவே செலவாகும் சரக்கும் அதுதான். ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒவ்வோர் அறையிலும் 3.66 கிராம் கந்தகாமிலம் செலவாக வேண்டும் என்பது ஃபாரடேயின் விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு.

இந்த அமிலம் செலவாகும் இடம் தகட்டின் வெளிப்புறம் அன்று. தகட்டுப் பொருள் கடற்பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. வேலையெல்லாம் அந்தத் துளைகளின் உட்சுவரிலே நடக்கிறது. துளைக்குள் நிற்கும் அமிலம் மிகச் சிறிதளவே. அது செலவானால் வெளியே நிற்கும் அமிலம் மெல்லக் கசிந்து உள்ளே புகவேண்டும். மெல்ல எடுத்தால் கசிவு செலவுக்கு ஈடுகொடுக்கும். விரைந்து எடுத்தால் துளைக்குள் அமிலம் வறண்டு, வெறும் நீர் போன்ற ஒன்றே மிஞ்சும். வெளியே அமிலம் நிறைய இருந்தும் உள்ளே பஞ்சம்.

நம் ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணற்றில் குடத்தால் மொண்டால் நாள் முழுதும் நீர் இருக்கும். அதே கிணற்றில் பெரிய மோட்டாரை வைத்து இறைத்தால் ஒரு மணியில் அடி தெரியும். நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் முழங்கால் அளவு நீர் நிற்கும். கலமும் இப்படித்தான் நடந்துகொள்ளுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. கிணற்றின் ஊற்றுக்கு முடிவு தெரியாது. கலத்தில் ஊறி வரும் அமிலத்தின் மொத்த அளவு முன்பே அறுதியிடப்பட்டது.

வறட்சியோடு மற்றோர் இடையூறும் சேருகிறது. ஈயம் சல்பேட்டாக மாறும்போது முன்பிருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கிறது. டை ஆக்ஸைடு மாறும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விரைந்து எடுக்கும்போது, அமிலம் எளிதில் கிட்டும் தகட்டின் மேற்புறமே முதலில் மாறுகிறது. அங்கே பெருத்துவிட்ட சல்பேட் துளைகளின் வாயை நெருக்குகிறது. ஆழத்தில் இருக்கும் நல்ல பொருளுக்கு அமிலம் செல்லும் வழி அடைபடுகிறது. மெல்ல எடுக்கும்போது வேலை தகட்டின் ஆழம் முழுவதும் பரவி நடப்பதால் இந்த நெருக்கடி வெகு நேரம் கழித்தே வரும். தடித்த தகடுகள் உடைய கலம் வேகத்தை அதிகம் வெறுப்பதற்கும், காரைக் கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குவதற்கும் காரணம் இதுவே.

இவையன்றி, கலத்தின் உள் தடை என்று ஒன்றும் இருக்கிறது. அது 0.01 ஓம் என்று கொண்டால், 30 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் உள்ளேயே செலவாகும். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியின் வோல்ட் 10.5-ஐ ஒட்டி இறங்கியவுடன் சுமையைத் துண்டித்துவிடுவது வழக்கம். பாட்டரி உண்மையில் வெறுமையாயிற்றா என்று அது கேட்பதில்லை. வோல்ட்டைத்தான் பார்க்கிறது. துளைக்குள் அமிலம் வறண்டதாலும், உள் தடையாலும் வோல்ட் முன்கூட்டியே இறங்கிவிட, இன்வெர்ட்டர் கையை விரித்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியரின் 36 ஆம்பியர்-மணி எங்கும் போகவில்லை, பாட்டரிக்குள்ளேயே இருந்தது. வெப்பமாய்க் கழிந்தது வோல்ட்டில் ஏற்பட்ட அந்தச் சிறு இழப்பு மட்டுமே. மின்சாரத்தின் அளவு குறையவில்லை. இதற்குச் சான்று வேண்டுமானால், பாட்டரிக்காரர்களிடம் இருக்கும் ஹைட்ரோமீட்டரே போதும். இருபது மணி வீதத்தில் முழுதும் வெறுமையான கலத்தில் ஓர் அறைக்கு 150-ஐ 3.66-ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 549 கிராம் அமிலம் செலவாகியிருக்கும். 30 ஆம்பியரில் துண்டிக்கப்பட்ட கலத்தில் 416 கிராமே செலவாகியிருக்கும். மிச்சம் 130 கிராமுக்கு மேற்பட்ட அமிலம் திரவத்தில் நிற்பதால், சிறிது நேரம் ஓய்வு கொடுத்தபின் அளந்தால் ஒப்படர்த்தி தெளிவாக மேலே நிற்கும். ஆசிரியர் வீட்டில் அப்படியே நின்றது. ஓய்வு கொடுத்தபின் ஒரே ஒரு மின்விசிறியை, அதாவது ஏழரை ஆம்பியர் அளவான சுமையை, அந்தக் ‘காலியான’ பாட்டரியில் ஓட்டினால் மறுபடியும் சில மணி நேரம் ஓடும். 36-ஐ ஏழரையால் வகுத்தால் நாலே முக்கால் மணிக்கு மேல் வருகிறது; நடைமுறையில் சற்றுக் குறையும். அப்படி அடிவரை வழித்தெடுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளக் கூடாது; தகடுகளின் ஆயுள் தேயும். சோதனைக்காக ஒரு முறை செய்து பார்ப்பதில் பிழையில்லை.

இந்த இடத்தில்தான் பாய்கெர்ட்டின் விதிக்கு எல்லை கட்ட வேண்டியிருக்கிறது. அவர் சோதித்தது மாறாத மின்னோட்டத்தை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவில், ஒரே வெப்பநிலையில் எடுத்தால் எவ்வளவு வரும் என்பதையே அவர் சொன்னார். முதலில் 30 ஆம்பியர், அப்புறம் 5 ஆம்பியர், இடையே ஓய்வு என்று நடக்கும் வீட்டுக்கு, மிச்சம் எவ்வளவு என்று சொல்ல அந்த விதி உதவாது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டோர்ஃபெல், ஷார்க் என்ற இருவர் 2006-இல் இதை ஆராய்ந்து, மின்னோட்டமும் வெப்பநிலையும் மாறும்போது அந்த விதியைக் கொண்டு மிச்சத்தைக் கணிப்பது தவறான விடையைத் தரும் என்று எழுதினார்கள். விரைந்து எடுத்துத் துண்டித்த கலத்திலும் சரக்கு இருக்கிறது என்பதே அவர்கள் வாதத்தின் நடுநாடி. மறுமுனையிலும் விதி தடுமாறும். ஏழரை ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் எவ்வளவு வரும் என்று சூத்திரத்தைக் கேட்டால், 377 ஆம்பியர்-மணி என்று கூசாமல் சொல்லும். அத்தனை ஈயமும் அமிலமும் அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. நடுவில் உள்ள வீதங்களுக்கு மட்டுமே இது வழிகாட்டி. 1901-இல் டோலெட்சாலெக் ஈயக் கலத்தின் கொள்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அமிலத்தின் செறிவு எவ்வாறு வோல்ட்டை ஆளுகிறது என்று காரணம் கூறும் வேலை அத்தகைய நூல்களைச் சேர்ந்தது. பாய்கெர்ட் தந்தது அளவையே. அளவாகக் கொண்டால் அது இன்றும் நன்றாகவே உழைக்கிறது.

வீட்டில் நேரம் குறைகிறது என்றால், அது வேகத்தின் விளைவா, பாட்டரியின் முதுமையா என்று எப்படிப் பிரித்தறிவது? முழுதும் மின்னேற்றி, இன்வெர்ட்டரை நம்பாமல், ஏழரை ஆம்பியர் அளவான சிறு சுமையைக் கொடுத்து, 10.5 வோல்ட் வரும் வரை நேரத்தைக் குறிக்க வேண்டும். இருபது மணிக்கு அருகில் வந்தால் பாட்டரி நலமாக இருக்கிறது. பெரிய சுமைதான் நேரத்தைத் தின்கிறது. அந்தச் சிறு சுமையிலும் பத்து மணிதான் வருகிறது என்றால் பாட்டரி தளர்ந்துவிட்டது. ஆறு அறைகளில் ஐந்து ஒரே அளவு காட்ட, ஒன்று மட்டும் ஒப்படர்த்தியில் 0.03-க்கு மேல் தாழ்ந்திருந்தால், அந்த ஓர் அறைதான் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமலே நல்ல பாட்டரிகள் பல பழைய ஈய விலைக்குப் போயிருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரம் கூட வேண்டும் என்பவர்களுக்கு இதே விதி ஒரு நற்செய்தியும் சொல்லுகிறது. ஒரே மாதிரியான புதிய பாட்டரிகள் இரண்டை இணையாகப் பொருத்தினால் 30 ஆம்பியர் சுமை ஆளுக்குப் பதினைந்தாகப் பிரிந்துவிடும். ஒன்று கொடுத்தது 3 மணி 47 நிமிடம். இரண்டும் சேர்ந்து கொடுப்பது அதன் இரட்டிப்பான ஏழரை மணி அளவு அன்று. 8 மணி 42 நிமிடம். மேலதிகமான அந்த ஒரு மணிக்கு மேற்பட்ட நேரம், முன்பு துளைகளுக்கு வெளியே தங்கிப்போன அமிலம் உள்ளே சென்று சேர அவகாசம் கிடைத்ததால் வருகிறது. ஆனால் புதியதோடு பழையதைப் பொருத்தக் கூடாது. பழையதின் உள் தடை மிகுதியாதலால் அது தன் பங்கைச் சுமக்காது. புதியது பதினைந்துக்கு மாறாக இருபதுக்கு மேல் சுமக்கும். எதிர்பார்த்த நேரம் வராது.